நம்ம பிளாக் குப்பை வீடியோ – ஸ்கிரிப்ட் (வேளச்சேரி, 2 நிமிஷம்)

காட்சி 1: கிச்சன், காலைல. பாட்டி முருங்கைக்காய் நறுக்குறாங்க, பேரன் பால் கவரை அதே கூடைல போடுறான்.
பாட்டி: டேய் கண்ணா, அதை எடு. கழுவி காய வச்சு நீல கூடைல போடணும்.
பேரன்: கவரை எதுக்கு பாட்டி கழுவணும்?
பாட்டி: பால் ஒட்டியிருந்தா நாறும்டா, அப்புறம் யாரும் எடுத்துக்க மாட்டாங்க. மூலையை கட் பண்றப்போ துண்டா வெட்டிடாத, அந்த குட்டி பிட்டு தனியா பறந்து போய் டிரெய்ன்ல அடைச்சுக்கும்.

கிராபிக்ஸ்: பச்சை – காய்கறி தோல், டீத்தூள், மிச்ச சாதம், பூஜை பூ. நீலம் – பேப்பர், அட்டை, பிளாஸ்டிக், பாட்டில். சிவப்பு – டயாப்பர், நாப்கின், பிளேடு, பழைய மாத்திரை, பல்பு.

காட்சி 2: ஹால். அம்மா டயாப்பரை நியூஸ்பேப்பர்ல சுத்தி, மேல பேனாவால சிவப்பு புள்ளி வைக்கிறாங்க.

காட்சி 3: கீழ கேட். குப்பை எடுக்கிற அக்கா கை, குளோசப், விரல்ல பிளாஸ்திரி.
அக்கா: நேத்து சாதத்துக்குள்ள பிளேடு இருந்துச்சுமா.
(இங்க 3 செகண்டுக்கு மியூசிக் வேண்டாம்.)

குரல்: நாளைக்கு காலைல 7 மணிக்கு அக்கா வருவாங்க, நைட்டே பிரிச்சு வச்சிடுங்க ப்ளீஸ், பச்சை கூடைல கவர் வேண்டாம், அடில நியூஸ்பேப்பர் போதும்.