நுரையீரலில் தற்செயலாகத் தெரிந்த முடிச்சு: மறு ஸ்கேன் பரிந்துரை

கம்பம்
14.03.2025

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். வலது விலாவுக்குக் கீழே வலி என்று தாங்கள் அனுப்பிவைத்த 58 வயது ஏலத்தோட்டத் தொழிலாளிக்கு நேற்று வயிற்று சி.டி. ஸ்கேன் எடுத்தோம். வலிக்குக் காரணம் வலது சிறுநீர்க் குழாயின் அடிமுனையில் உள்ள 5 மி.மீ. கல்; அதன் விவரம் முதன்மை அறிக்கையில் உள்ளது. இக்கடிதம் வேறொன்றைப் பற்றியது.

ஸ்கேனின் மேற்பகுதியில் நுரையீரலின் அடிப்பாகமும் பதிவாகியிருந்தது. அங்கே, வலது கீழ்மடலின் பின்புறத்தில், நீளவாக்கில் 8, குறுக்கே 6, சராசரியாக 7 மி.மீ. அளவுள்ள ஒரு திடமான முடிச்சு தெரிகிறது. விளிம்பு பெரும்பாலும் சீராக உள்ளது. சுண்ணாம்புப் படிவோ கொழுப்போ இல்லாததால், இது தீங்கற்றது என்று இப்போதே முடிவுகட்ட இயலவில்லை. ஆறிய காசநோயின் தழும்பாகவும் இருக்கலாம். ஆனால் முப்பது ஆண்டுகளாகப் பீடி புகைப்பதாக அவரே சொன்னார் என்பதால், புற்றுநோயின் தொடக்கமாக இருக்கும் வாய்ப்பை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

வயிற்று ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும் 6 முதல் 8 மி.மீ. வரையிலான முடிச்சுக்கு, நோயாளியின் அபாய நிலையைப் பொறுத்து 3 முதல் 12 மாதங்களுக்குள் முழு மார்பு சி.டி. எடுக்கலாம் என்பது பிளெய்ஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல். இவருக்கு மூன்று மாதத்திலேயே, அதாவது ஜூன் இரண்டாம் வாரத்தில், கான்ட்ராஸ்ட் இல்லாமல் குறைந்த கதிர்வீச்சில், 1.5 மி.மீ.க்கு மேற்படாத மெல்லிய வெட்டுகளாக எடுக்கப் பரிந்துரைக்கிறேன். நுரையீரலின் மேல்மடல்களை நாம் இன்னும் பார்க்கவே இல்லை என்பதும் இதற்கு ஒரு காரணம். இந்த அளவு முடிச்சு எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். ஆகவே எக்ஸ்ரே மட்டும் எடுத்து, தெளிவாக உள்ளது என்று விட்டுவிட வேண்டாம்.

விட்டம் 7-லிருந்து ஏறத்தாழ 9 மி.மீ. ஆனாலே கன அளவு இரட்டிப்பாகிவிட்டது என்று பொருள். கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் அந்த வேறுபாட்டைத் துல்லியமாக ஒப்பிட, இந்த ஸ்கேனின் படங்கள் பதிந்த குறுந்தகட்டை அவர் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவர வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கேரளத்தில் ஒரு மருத்துவமனையில் மார்பு ஸ்கேன் எடுத்ததாகவும் சொன்னார். அது கிடைத்து, இதே முடிச்சு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மாறாமல் இருப்பது உறுதியானால், இம்முடிச்சுக்காக மறு ஸ்கேன் தேவைப்படாது. இருமல், எடைக்குறைவு, சளியில் இரத்தம் ஏதேனும் இருந்தால் மூன்று மாதம் காத்திராமல் இப்போதே முழு மார்பு சி.டி.யும் சளிப் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது.

என் கவலை ஒன்றுண்டு. கல் வெளியேறி வலி நின்றதும், அவர் மறுபடி விடியற்காலை ஜீப்பில் குமுளி ஏறிவிடுவார். ஜூனில் மழையோடு காய் எடுப்பும் தொடங்கும். வலியில்லாத ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை இழந்து அவர் இறங்கிவருவது கடினம். ஆகையால் தேதியைத் தங்கள் மருந்துச்சீட்டிலேயே எழுதிக்கொடுத்து, அவர் மகளின் கைபேசி எண்ணையும் குறித்துவைக்க வேண்டுகிறேன். முடிச்சைப் பற்றி நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. தங்களை நெடுநாளாக அறிந்தவர்; பயமுறுத்தாமல் தாங்கள் சொன்னால் கேட்பார்.

படங்களை நேரில் பார்க்க விரும்பினால், மாலை 5 மணிக்குப் பின் ஸ்கேன் மையத்தில் இருப்பேன்.

தங்கள் உண்மையுள்ள,
கதிரியக்க மருத்துவர்
ஸ்கேன் மையம், கம்பம்