பெரியம்மாவின் 60: ரகசியப் பேர்கள்

எல்லாருக்கும் வணக்கம். வாசிச்சு முடிஞ்சதும் இந்த மெசேஜை உங்கட போன்ல அழிச்சிடுங்கோ. பெரியம்மா "படம் பாப்பம்" எண்டு ஆற்ற போனையும் வாங்குவா, தெரியும்தானே.

சாப்பாட்டுப் பேர் வைப்பம் எண்டு சிலர் சொன்னியள். சரிவராது. கட்லட் எண்டு கண்டால் ஆர் பொரிச்சது எண்டு கேக்காமல் விடமாட்டா. பஸ் நம்பர் எண்டால் திரும்பியும் பாக்கமாட்டா. அதால குரூப்புக்குப் பேர் "பஸ் நேரம்".

பெரியம்மா: டிப்போ. எல்லா பஸ்ஸும் கடைசியில அங்கதானே.

சின்ன மாமா: 138. எங்க வந்தாலும் சனத்தோட வருவார். மாமா, இந்த முறை வீட்டு ஆக்கள் மட்டும், ப்ளீஸ்.

வதனி அன்ரி: 155. மட்டக்குளியில இருந்து இரத்மலானை வரைக்கும் சுத்துற பஸ். அன்ரி கதை சொன்னாலும் அப்படித்தான். கோவிக்காதேங்கோ அன்ரி.

தம்பி: 100. நாள் முழுக்க காலி வீதியிலதானே நிக்கிறான்.

கடுவெலை அக்காவும் அத்தானும்: 101. 177 தரட்டாம். கொள்ளுப்பிட்டி–கடுவெலை பஸ்ஸை உங்களுக்கு வைச்சால் முதல் நாளே பிடிபட்டிடும்.

பெரியப்பா: ஹோல்ட். நிண்ட இடத்திலயே நிக்கோணும், வாய் திறக்கக்கூடாது. அவர் சிரிச்சாலே அவவுக்கு விளங்கிடும்.

நான் கண்டக்டர். காசு கேக்கிறது, கத்துறது என்ர வேலை.

கேக் = ஸ்பெயார் டயர். ரோல்ஸ், பற்றீஸ் = சில்லறை. "பிரேக் டவுன்" எண்டு வந்தால் அவ பக்கத்தில நிக்கிறா, ஒருத்தரும் கோல் எடுக்கக்கூடாது.

சனிக்கிழமை பின்னேரம் 100தான் டிப்போவை பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகும். அந்த நேரத்துக்குள்ள மற்ற எல்லாரும் வெள்ளவத்தை வீட்டில. 138, டயர் உங்கட பொறுப்பு. லிஃப்ட்ல சரிச்சுப் பிடிக்காதேங்கோ. கோயிலால வெளிக்கிட்டதும் "100 வெளிக்கிட்டுது" எண்டு மட்டும் தம்பி போடுவான். அதோட லைற்றை நிப்பாட்டி, செருப்பெல்லாத்தையும் உள்ள எடுங்கோ. வாசல்ல இருபது சோடி செருப்பு கிடந்தால் பிறகென்ன சர்ப்ரைஸ்?

பரிசுப் பார்சல்ல பேர் எழுத வேண்டாம், நம்பர் மட்டும். எந்த பஸ் ஆர் எண்டு அவ கண்டுபிடிச்சாத்தான் பார்சலைப் பிரிக்கலாம். மூண்டு தரம் பிழைச்சால் அந்த பஸ் ஒரு பாட்டுப் பாடோணும். 155, பாட்டு ஒண்டு மட்டும்தான்.

பெரியம்மாவுக்கு வாங்குற தோட்டுக்கு ஆளுக்கு 5,000 ரூபா, வியாழக்கிழமைக்கு முதல் என்ர கையில தாங்கோ. ஹோல்ட்டின்ர எக்கவுண்டுக்குப் போட்டிடாதேங்கோ. பாங்க் மெசேஜ் போறது டிப்போவின்ர போனுக்கு.