நாலு அறிகுறி

அரிக்கன் லாம்பின் சிம்னி போன கிழமை உடைந்துபோனது. கடையில் புதுச் சிம்னி இல்லை. கிடைத்தாலும் அதற்கு ஊற்றுகிற அளவுக்கு மண்ணெண்ணெய் இல்லை. அதனால் சுகந்தினியின் அம்மா ஜாம் போத்தலை எடுத்துவிட்டார்.

போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனையும் அளவுக்கு எண்ணெய். மடித்த தகரத் துண்டில் செருகிய திரி. அவ்வளவுதான் விளக்கு. காற்றடித்தாலும் போத்தலுக்குள்ளே சுடர் அணையாது. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பிள்ளைகள் இந்த வெளிச்சத்தில் படித்தார்கள். சுகந்தினியும் 1995 இடப்பெயர்வில் வன்னிக்கு வந்து, ஒரு கொட்டிலுக்குள் இருந்து, இப்படி ஒரு போத்தலுக்கு முன்னால்தான் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்தாள். இப்போது அவளுக்கு 41 வயது. தர்மபுரத்துக்குப் பக்கத்தில் குடும்பநல உத்தியோகத்தர். ஊர் வாயில் மிட்வைஃப் மிஸ்.

2022 மார்ச்சின் கடைசிக் கிழமை. இன்றைக்குப் பத்து மணித்தியாலம் கரண்ட் இல்லை, நாளைக்கு இன்னும் கூடும் என்று சொல்லியிருந்தார்கள்.

"மேசையின்ர அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான்," என்று மதுரா கோடு போட்டதுபோல் போத்தலை நடுவில் வைத்தாள். சுகந்தினியின் மகள், தரம் 9. தாயும் மகளும் ஒரே விளக்கில்.

"பத்து மணி மட்டும்தான்," என்றார் அம்மா பாயிலிருந்து. "நாளைக்கும் இந்த எண்ணெய்தான்."

சுகந்தினி போட்டோக்கொப்பித் தாள்களைப் பிரித்தாள். மேற்பார்வைப் பதவிக்கான பரீட்சை சித்திரை வருசப்பிறப்பு முடிந்து பத்தாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இன்னும் நான்கு கிழமைகூட இல்லை. தாபன விதிக்கோவையில் விடுமுறை பற்றிய 12ஆம் அத்தியாயத்தை மூன்றாவது தடவையாக வாசித்தாள். பிரசவ விடுமுறை, முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாட்கள். எண் மனதில் ஏறியது. ஆனால் எண்ணோடு சேர்ந்து காலையில் கிளினிக்கில் பார்த்த ஒரு முகமும் ஏறியது.

இன்றைக்கு 31 கர்ப்பிணிகள். வெயில் ஏறுமுன்பே வாங்கு நிறைந்துவிட்டது. நிறை, பிரஷர், சிறுநீரில் சீனியும் அல்புமினும், அயன் குளிசை எண்ணிக் கொடுப்பது, வயிற்றில் நாடாவை வைத்துக் கர்ப்பப்பையின் உயரம் பார்ப்பது. ஒவ்வொருத்தியும் போகும்போது சத்துமாவைப் பற்றிய ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "திரிபோஷா வந்ததோ மிஸ்?" வரவில்லை. முப்பத்தொரு தடவை வரவில்லை என்று சொல்வது லேசான வேலை இல்லை.

அந்த முகம் 32 கிழமைக்காரி. போன மாதத்திலிருந்து 400 கிராம்தான் நிறை ஏறியிருந்தது.

"காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"பிளேன்ரீ."

"நேற்று இரவு?"

அவள் பதில் சொல்லவில்லை. அட்டையை விரலால் நீவிக்கொண்டு நின்றாள். போன வருடம் உரத்தை நிறுத்தினார்கள். காலபோக நெல் அவர்களுடைய வயலில் பாதிதான் விளைந்தது. குத்தகையும் கடனும் போக வீட்டுக்கு வந்தது எவ்வளவு என்று சுகந்தினிக்குத் தெரியும், அந்த ஊரில் எல்லா வீட்டுக் குசினியும் அவளுக்குத் தெரியும். தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து கொடுத்தாள். அட்டையில் நிறையைச் சிவப்புப் பேனையால் எழுதினாள், வைத்தியரிடம் காட்டினாள், அடுத்த கிழமையே வரச் சொன்னாள். இவ்வளவும் செய்தாள். வயலில் நாற்று நடுகிறவளுக்கு 84 நாளும் இல்லை, ஒரு நாளும் இல்லை.

"அம்மா, அதே பக்கத்தில நிக்கிறீங்கள்," என்றாள் மதுரா.

"ஓம், ஓம்."

அடுத்த தாள். பழைய வினாக்கள், ஒரு சிநேகிதி கையால் எழுதித் தந்தவை. 'தாய்ப்பாலூட்டும்போது குழந்தை சரியாகப் பொருந்தியுள்ளதைக் காட்டும் நான்கு அறிகுறிகளைத் தருக. 8 புள்ளிகள்.'

இதற்குப் படிக்கவே தேவையில்லை. கொப்பியில் எழுதினாள். வாய் நன்றாகத் திறந்திருத்தல். கீழுதடு வெளிப்புறம் மடிந்திருத்தல். நாடி மார்பில் முட்டியிருத்தல். முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டம் குழந்தையின் வாய்க்குக் கீழே குறைவாகவும் மேலே கூடுதலாகவும்...

போன் அடித்தது. 11 வீதம் சார்ஜ். தர்சிகா.

"மிஸ், பிள்ளை பால் குடிக்குதில்லை. பின்னேரத்திலயிருந்து கத்துது. எனக்கு மார் கல்லு மாதிரிக் கிடக்கு." அவளும் அழுதுகொண்டிருந்தாள். பின்னால் குழந்தை வீறிட்டது.

பிள்ளை பிறந்து நான்காம் நாள். நேற்று முன்தினம்தான் கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். நேற்று சுகந்தினி போய்ப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. புருஷன் கொழும்பில் கட்டட வேலை. தாய் இல்லை. வயதான மாமியார் ஒருத்தர்தான், அவருக்குக் காது கேட்காது. ஐந்து கிலோமீற்றர். ஸ்கூட்டியில் பெற்றோல் நாளைய வீடுகளுக்கே போதாது.

அம்மா எழுந்து வந்தார். கேட்காமலே விளக்கை ஊதி அணைத்தார். பேசுவதற்கு வெளிச்சம் எதற்கு? எண்ணெய் மிச்சம்.

இருட்டு. சுகந்தினி போனைக் காதோடு அழுத்தினாள்.

"பயப்பிடாதையும். முதல்ல நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லும். பிள்ளைக்கு உடம்பு சுடுதோ?"

"இல்லை மிஸ்."

"இண்டைக்கு எத்தினை தரம் மூத்திரம் போனது?"

"அஞ்சு... ஆறு தரம்."

"கத்துது எண்டால் நல்லது. சோர்ந்து படுத்தால்தான் பயம். உமக்குக் காய்ச்சல், நடுக்கம்?"

"இல்லை."

மூச்சு விட்டாள். பால் கட்டியிருக்கிறது. நான்காம் நாள் வருவதுதான். பால் ஒரேயடியாகச் சுரந்து மார்பு இறுகிவிட்டால் சின்ன வாய்க்குப் பிடி கிடைக்காது. வழுக்கி வழுக்கிக் காம்பை மட்டும் கடிக்கும், பால் வராது, பிள்ளை கத்தும், தாயும் கத்துவாள்.

"லாம்பு இருக்கோ?"

"இல்லை மிஸ். இருட்டுத்தான்."

ஒரு கணம் சுகந்தினிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சற்று முன் கொப்பியில் எழுதிய நாலு அறிகுறியும் கண்ணால் பார்ப்பவை. வீட்டுக்குப் போனால் குனிந்து பார்த்துச் சொல்வாள். இங்கே பார்க்கிற கண்ணும் இல்லை, வெளிச்சமும் இல்லை. தன் இடது கையை மடித்து, அங்கே ஒரு குழந்தை இருப்பதுபோல் பிடித்துக்கொண்டாள்.

"சரி. போனை ஸ்பீக்கரில போட்டுட்டுப் பக்கத்தில வையும். பிள்ளையை மாமியிட்டக் குடும், கத்தட்டும். சுடுதண்ணி இருக்கோ? துணியை நனைச்சு மாரில வையும். அப்புறம் பெருவிரலும் மற்ற விரலும் கருவட்டத்துக்கு வெளியில வைச்சு, உள்ளுக்கு அமத்தி, கொஞ்சம் பாலை எடுத்துவிடும். முழுக்க வேண்டாம். அந்த இடம் மெத்தெண்டு வந்தால் காணும். உம்மட காது மடல் இருக்கெல்லே, அதைத் தொட்டுப் பாரும். அந்த மெத்து வரவேணும்."

காத்திருந்தாள். போனுக்குள் துணி பிழிகிற சத்தம், ஒரு முனகல், பிறகு நீண்ட மூச்சு.

"வருகுது மிஸ்."

"சரி, பிள்ளையை வாங்கும். வயிறும் வயிறும் ஒட்டவேணும். தலையைப் பிடிச்சு அமத்தாதையும், பிடரிக்குக் கீழ கை. காம்பால அதின்ர மூக்கைத் தடவும். வாயைப் பெரிசா ஆவெண்டு திறக்கும்வரை பொறும். இருட்டில தெரியாது, அழுகை நிண்டு சூடான மூச்சு மாரில படும். அப்ப பிள்ளையை உம்மட பக்கம் இழும். நீர் குனியாதையும்."

வீறிடல் ஒருமுறை எழுந்து பாதியில் அறுந்தது.

"நோகுதோ?"

"நோகுது."

"அப்ப சரியாப் பிடிக்கேல்லை. சின்ன விரலை வாயோரத்தில விட்டு எடுத்திட்டு, இன்னொருக்கா."

மூன்றாம் தடவை. பக்கத்தில் மதுரா மூச்சுக் காட்டாமல் இருப்பது சுகந்தினிக்குத் தெரிந்தது.

"இப்ப?"

"நோகேல்லை மிஸ்."

"நாடியில ஒரு விரல் வைச்சுப் பாரும். மாரில முட்டிக்கொண்டு இருக்கோ? விரல் போக இடமிருக்கோ?"

"இடமில்லை."

"கீழுதட்டைத் தடவிப் பாரும்."

"வெளியால மடிஞ்சிருக்கு."

"இனி ஒண்டும் கதைக்காதையும். போனைப் பிள்ளையின்ர வாய்க்குக் கிட்டப் பிடியும்."

முதலில் வெறும் இரைச்சல். பிறகு வேகமாகச் சில உறிஞ்சல்கள். ஒரு நிறுத்தம். பிறகு, ஆழமாக, இடைவெளி விட்டு, க்ஹ்... க்ஹ்... க்ஹ். விழுங்குகிற சத்தம். பன்னிரண்டு வருடமாகக் கேட்கிற சத்தம்தான். இவ்வளவு கிட்டத்தில் அவள் கேட்டதில்லை.

"குடிக்குது," என்றாள் மதுரா மெதுவாக.

"தர்சிகா, அது விடும்வரை விடும். காலமை முதல் வீடு உம்மடதுதான், வாறன். ராவில காய்ச்சல் வந்தாலோ பிள்ளை எழும்பாமல் படுத்தாலோ 1990க்கு அடியும், அம்புலன்ஸ் வரும். பிள்ளை நித்திரையானதும் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் போடும். நான் முழிச்சிருப்பன்."

4 வீதம். போனை மேசையில் குப்புற வைத்தாள்.

இருட்டிலேயே கொஞ்ச நேரம் இருந்தாள். அவள் முதலில் வேலைக்கு வந்தபோது ஊர் மீள்குடியேறிக்கொண்டிருந்தது, வீடெல்லாம் தகரக் கொட்டில். அப்போதிருந்த மேற்பார்வை மிஸ் பஸ்ஸில் வந்து இறங்கி, அவளோடு கொட்டில் கொட்டிலாக நடப்பார். குறிப்புப் புத்தகத்தைக் கடைசியில்தான் கேட்பார். முதலில் "உன்ர கையைக் காட்டு" என்பார். அவளுடைய கையைத் தாயின் வயிற்றில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து, "இது தலை, இது முதுகு" என்று அழுத்திக் காட்டுவார். அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். இப்போது புதிதாக வந்த இரண்டு பிள்ளைகளும் சந்தேகம் வந்தால் சுகந்தினிக்குத்தான் போன் எடுக்கிறார்கள், தங்கள் காசில். சம்பளம் கூடும் என்பது உண்மைதான், அதுவும் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகளின் கைமேல் வைக்க ஒரு கை வேண்டும்.

தீக்குச்சி உரசிய சத்தம். அம்மா போத்தலைக் கொளுத்தி, இந்தமுறை அதை நடுவில் வைக்காமல் சுகந்தினியின் பக்கம் நகர்த்தினார்.

"மதுராவுக்கு?"

"எனக்குக் காணும்," என்று மதுரா தன் கொப்பியை மூடினாள். "நான் கேள்வி கேக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ."

"பத்து மணியாகுது, அம்மம்மா ஏசுவா."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாயில் போய்ப் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுகந்தினி பாதியில் நின்ற நான்காவது வரியை முடித்தாள். எட்டுப் புள்ளிக்கு அது போதும். கீழே கொஞ்சம் இடம் இருந்தது. பேனையை எடுத்து, ஐந்தாவதாக, விழுங்கும் சத்தம் கேட்டல் என்று எழுதினாள். அதற்குக் கீழே, தாய்க்கு நோகாதிருத்தல்.

"அடுத்தது," என்றாள் மதுரா, தாளைச் சுடருக்குக் கிட்டப் பிடித்து. "தடுப்பூசி எந்த வெப்பநிலையில வைக்கவேணும்?"

"2 இலிருந்து 8 பாகை. கரண்ட் இல்லாட்டில்..."

போன் ஒருமுறை அடித்து நின்றது.

"கரண்ட் இல்லாட்டில்?" என்றாள் மதுரா.

"குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கக்கூடாது. ஐஸ் பொதி வைச்ச பெட்டிக்கு மாத்தவேணும். எழுது."