வலோரண்ட் ஸ்க்ரிம், அசென்ட் மேப், 11–13 தோல்வி: வாய்ஸ் ரெக்கார்டிங் சுருக்கம்

47 நிமிட ரெக்கார்டிங்கை இரண்டு முறை கேட்டேன். ஆட்களை அவரவர் ஏஜென்ட் பெயரிலேயே குறித்திருக்கிறேன். சிரிப்பு, புலம்பல், ஜெட்டின் மைக்கில் ஓடிய ஃபேன் சத்தம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

முதல் பாதி (டிஃபென்ஸ், 7–5): கால்-அவுட்கள் சுத்தம். ஓமென் மட்டுமே முடிவெடுத்தார், மற்றவர்கள் தகவல் மட்டும் கொடுத்தார்கள். 5-வது ரவுண்டில் "மார்க்கெட் கதவை மூடு, பி மெயினில் வரட்டும்" என்றார். அவர்கள் அப்படியே வந்து கில்ஜாயின் நானோஸ்வார்மில் விழுந்தார்கள். இதை அடுத்த ஸ்க்ரிமிலும் வைத்துக்கொள்ளலாம்.

ரவுண்ட் 14: ஓமென் "எல்லாரும் சேவ்" என்று இரண்டு முறை சொல்கிறார். ஜெட் "சரிண்ணா" என்று சொல்லிவிட்டு ஸ்பெக்டர் வாங்கிவிட்டார். கையில் இருந்த 2000-இல் 1600 போனது. கில்லும் இல்லை. தோல்விக்கு 2400 வந்தும் 15-வது ரவுண்டில் 2800தான், வாண்டலுக்கே 100 குறைவு. சேவ் செய்திருந்தால் 4400, கவசத்தோடு வாங்கியிருக்கலாம்.

ரவுண்ட் 19 (9–9): முழுதாகப் பார்க்க வேண்டியது இதுதான். பி-யில் ஸ்பைக் வைத்தாகிவிட்டது, நாம் நாலு பேர், அவர்கள் இரண்டு பேர்.

31:08 சோவா: "மார்க்கெட்ல ஒருத்தன்."
31:09 ஜெட் (செத்தவர்): "அய்யோ, அவன் ஒன் எச்பிடா, தள்ளு தள்ளு!"
31:11 ஓமென்: "தள்ளாதீங்க, ஸ்பைக் மேல ஸ்மோக் போடறேன்."
31:12 சேஜ்: "யாரு தள்ளணும்?"

சேஜும் கில்ஜாயும் தனித்தனியாகத் தள்ளி, தனித்தனியாகச் செத்தார்கள். மீதி ஒருவன் ஸ்மோக்குக்குள் பாதி டிஃப்யூஸ் முடித்து ஒதுங்கி, சோவாவை அடித்துவிட்டுத் திரும்பி வந்தான். பாதி முடிந்துவிட்டால் மிச்சம் 3.5 வினாடிதான். ஓமென் மார்க்கெட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்மோக் நம்மை விட அவனுக்குத்தான் உதவியது. சோவாவின் தகவல் சரி, அது ஜெட்டின் குரலில் அமுங்கிப்போனது. "ஒன் எச்பி" என்பதும் தவறு. ஜெட் அவனுக்குக் கொடுத்த டேமேஜ் 58.

ரவுண்ட் 24 (11–12): ஏ போவதாக முடிவு. நேரம் 0:28 இருக்கும்போது சேஜ் "பி காலியா இருக்கு" என்கிறார், ஓமென் திருப்புகிறார். ஸ்பைக் வைக்க 4 வினாடி வேண்டும், நமக்கு 2 இருந்தது. சேஜ் சொன்னது பொய்யில்லை; அந்த நேரத்தில் அதற்கு மதிப்பில்லை. ஓமென் அண்ணா, இது உங்கள் கணக்கில்.

16 முதல் 18 வரை குறிப்பிடும்படி எதுவும் இல்லை. 21-வது ரவுண்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசியதால் என்ன சொன்னார்கள் என்றே புரியவில்லை, ரீப்ளே இருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.

ரிவ்யூவில் 14, 19, 24 மட்டும் ஓட்டுவோம். செத்த பிறகு இடமும் டேமேஜும் சொல்லிவிட்டு மைக்கை மூட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஜெட் ஒத்துக்கொள்ள மாட்டார், அதனால் 19-ஐ முதலில் போடுவோம்.