உயர்கல்விக்காகப் பணி விலகல் கடிதம்

அனுப்புநர்
ஜெ. ஷீபா, பி.எஸ்சி. நர்சிங்,
ஸ்டாஃப் நர்ஸ்,
பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு.

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
மருத்துவமனை அலுவலகம்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

வழி: நர்சிங் சூப்பிரண்டெண்ட் அவர்கள்

நாள்: 01.09.2025

பொருள்: எம்.எஸ்சி. நர்சிங் படிப்பதற்காகப் பணியிலிருந்து விலகுதல் – 30.09.2025 அன்று விடுவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் எம்.எஸ்சி. நர்சிங் படிப்பில், குழந்தைகள் நலச் செவிலியம் பிரிவில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடப் படிப்பு. அக்டோபர் முதல் வாரத்தில் சேர வேண்டும். அதனால் பணி நியமன ஆணையில் உள்ளபடி ஒரு மாத முன்னறிவிப்பாக இந்தக் கடிதத்தைத் தருகிறேன். 30.09.2025 அன்று பணி முடியும் நேரத்தோடு என்னை விடுவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

03.06.2019 அன்று இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். கல்லூரியை முடித்த கையோடு வந்தவள். ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தையைத் தூக்கவே கை நடுங்கியது. முதல் மூன்று மாதம் மேட்ரன் அம்மா என் பக்கத்திலேயே நின்று, பாலாடையில் பால் கொடுப்பதிலிருந்து வார்மரின் சூட்டைப் பார்த்து வைப்பது வரை சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. கொரோனா காலத்திலும், 2021 நவம்பர் மழையில் ரோடெல்லாம் முங்கி மாற்று ஆள் வர முடியாத நாட்களிலும் நாங்கள் தாக்குப்பிடித்தது அந்தப் பழக்கத்தால்தான். இதை நேரில் சொல்லப் போனால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுத்தில் சொல்லிவிடுகிறேன்.

மேலே படிக்கும் எண்ணம் எப்படி வந்தது என்பதையும் உங்களிடம் சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு இரவுப் பணியில், புதிதாகச் சேர்ந்த சிஸ்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். ஆக்சிஜனில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு மானிட்டரில் அளவை 90-லிருந்து 95-க்குள் வைக்கச் சொல்கிறோமே, நூறு இருந்தால் நல்லதுதானே சிஸ்டர் என்றாள். "டாக்டர் அப்படித்தான் எழுதியிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் சரி என்று போய்விட்டாள். எனக்குத்தான் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்ததும் உங்களிடம் கேட்டேன். நீங்கள் உட்கார வைத்து, ஒரு தாளில் விழித்திரையை வரைந்து, ஆக்சிஜன் அதிகமானால் வளர்ந்து முடியாத அந்த ரத்தக்குழாய்கள் என்ன ஆகும் என்று விளக்கினீர்கள். அந்தத் தாள் இன்றும் என் டைரியில் இருக்கிறது. ஐந்து வருடமாகச் சரியாகச் செய்துகொண்டிருந்த ஒரு வேலையின் காரணம் அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அடுத்து ஒருத்தி கேட்டால் தாளை எடுத்து வரைந்து காட்டுகிற ஆளாக நான் இருக்க வேண்டும். அதற்காகத்தான் போகிறேன். சம்பளமோ, வேலை நேரமோ, வேறு எந்த மனக்குறையோ இதில் கிடையாது.

இந்தப் பிரிவில் நான் பார்த்ததில் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். பெயரும் ஊரும் பதிவேட்டில் இருக்கின்றன, இங்கே வேண்டாம். 2022-ல் 1,340 கிராமில் பிறந்த ஆண் குழந்தை. தகப்பனார் ஆழ்கடலுக்குப் போயிருந்தார், கரை திரும்ப நாளாகும் என்றார்கள். கங்காரு முறையில் தாயின் நெஞ்சோடு குழந்தையைச் சேர்த்து வைக்கச் சொன்னபோது பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "உடுப்பு இல்லாம போட்டா பிள்ளைக்குக் குளிர் பிடிக்காதா மக்களே" என்று கேட்டார். முதலில் வெப்பமானியை வைத்துக் காட்டினேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப வைத்துக் காட்டினேன், சூடு 36.8. அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பாட்டியே விளக்கம் சொன்னார். இருபத்தாறாம் நாள் தகப்பனார் வந்தார். கையைக் கழுவச் சொல்லி, சட்டைப் பொத்தானைக் கழற்றி உட்கார வைத்து, நெஞ்சில் குழந்தையை வைத்தோம். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தார். அந்த இரண்டு மணி நேரத்தைப் பார்க்க இந்த வார்டு எனக்கு இடம் கொடுத்தது.

அப்புறம், ஒப்படைப்பு. அவசர மருந்து டிராலியின் பட்டியல், இரண்டு அளவு மாஸ்க்குகள், லாரிங்கோஸ்கோப்பின் பல்ப், ஸ்டாக் ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் 25-ஆம் தேதிக்குள் சரிபார்த்துக் கையெழுத்துடன் ஒப்படைப்பேன். விடுதி அறை, லாக்கர் சாவி, அடையாள அட்டை கடைசி நாளில்.

இதில் எனக்குப் பெரிய கவலை நீல அட்டை போட்ட நோட்டுதான். இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்து, கண் பரிசோதனைக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும் குழந்தைகளின் பெயர்களை அதில் எழுதி, முப்பது நாளுக்குள் கூட்டி வரச் சொல்லி நானே போன் செய்து வந்தேன். விழித்திரை வளர்ந்துவிட்டது என்று கண் டாக்டர் சொல்லும்வரை திரும்பத் திரும்ப அழைக்க வேண்டியிருக்கும். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது என்றால் வீட்டில் கண்ணைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. தேதி தப்பினால் பார்வையே போய்விடலாம். இப்போது பட்டியலில் ஏழு குழந்தைகள். நான்கு பேருக்குச் செப்டம்பரிலேயே பார்த்துவிடலாம். மற்ற மூன்று பேருக்கு அக்டோபரில் தேதி வரும், அப்போது நான் இருக்க மாட்டேன். அதனால் தயவுசெய்து ஒரே ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு இதற்கு நியமியுங்கள் அம்மா. எல்லோருடைய பொறுப்பு என்று விட்டால் விடுமுறை நாட்களில் விட்டுப்போகும். யாரை நியமித்தாலும் அவரோடு உட்கார்ந்து இந்த மாதமே சேர்ந்து அழைக்கிறேன். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற வீடுகளில் அதிகாலையில் போனை எடுக்க மாட்டார்கள், பதினொரு மணிக்கு மேல் அழைத்தால் கிடைப்பார்கள். சில வீடுகளில் பாட்டியிடம் சொன்னால்தான் காரியம் நடக்கும். இதையெல்லாம் பெயருக்கு நேராக எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த வாரம் ஓணத்துக்குப் பலர் விடுப்புக் கேட்டிருப்பார்கள். சின்னக் குழந்தை உள்ள சிஸ்டர்மாருக்குக் கொடுத்துவிட்டு, என் பெயரை ரோஸ்டரில் போட்டுக்கொள்ளுங்கள். 30-ஆம் தேதி வரை நான் விடுப்பு எடுப்பதாக இல்லை.

கல்லூரியில் சேர அனுபவச் சான்றிதழும் பணி விடுவிப்பு ஆணையும் தேவைப்படுகின்றன. கடைசி நாளில் அவை கிடைக்க அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டுகிறேன். பி.எஃப். விவரங்களை அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

படிப்பு முடிந்து ஊருக்கு வரும்போது இடம் இருந்தால், மறுபடியும் இதே வார்டில் வேலை கேட்டு வருவேன். புதிதாகச் சேருகிறவர்கள் எழுதும் விண்ணப்பத்தையே எழுதித் தருகிறேன்.

நன்றியுடன்,
தங்கள் உண்மையுள்ள,

ஜெ. ஷீபா
மார்த்தாண்டம்

இணைப்பு: கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தின் நகல்