முதலாம் ஆண்டு திறன்கூட மீட்டல்: வளர்ந்தோருக்கான சி.பி.ஆர்., ஏ.இ.டி.

நிலைமை: நிலாவெளிக் கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த 50 வயதுக்காரர் சட்டெனச் சரிந்து விழுகிறார்.

முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பாருங்கள். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் ஒருவரைக் காட்டி, "அண்ணா, 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ", இன்னொருவரிடம், "தங்கச்சி, ஏ.இ.டி. எடுத்துவாங்கோ" என்று சொல்லுங்கள். பொதுவாகக் கத்தினால் ஒருவரும் அசையமாட்டார்கள்.

மூச்சையும் கழுத்து நாடியையும் ஒன்றாகப் பாருங்கள். 10 செக்கனுக்கு மேல் வேண்டாம். விட்டு விட்டு வாயைத் திறந்து இழுப்பது மூச்சல்ல. அதை நம்பிக் காத்திருப்பதுதான் உயிரைப் பறிக்கும்.

மூச்சும் நாடியும் இல்லையென்றால் மார்பை அழுத்தத் தொடங்குங்கள். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி, முழங்கை நேராக. ஆழம் 5–6 செ.மீ., நிமிடத்துக்கு 100–120. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பின் மார்பு முழுதாக மேலெழட்டும். 30 அழுத்தம், 2 மூச்சு. 2 நிமிடத்துக்கொருமுறை ஆள் மாறுங்கள்.

ஏ.இ.டி. வந்தவுடன் இயக்குங்கள். வியர்வை, உப்புத்தண்ணீர், மணல் எல்லாவற்றையும் மார்பிலிருந்து துடைத்துவிட்டே கருவியின் இரண்டு பட்டைகளையும் ஒட்டுங்கள். ஈரத்தில் பட்டை பிடிக்காது. ஒன்று வலது காறையெலும்பின் கீழ், மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். கருவி ஆராயும்போது யாரும் தொடக்கூடாது. "எல்லாரும் விலகுங்கோ" என்று சொல்லி, தலையிலிருந்து கால்வரை கண்ணால் பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள். அதிர்ச்சி கொடுத்ததும் நாடி தேடாமல் உடனே மார்பை அழுத்தத் தொடங்குங்கள். அதிர்ச்சி வேண்டாம் என்று கருவி சொன்னாலும் அதேதான்.