புரட்டாசி முதல் சனிக்கிழமை செயலி முடங்கியதற்கு மன்னிப்புக் கோருகிறோம்

வணக்கம்.

வெள்ளி இரவு 11.20 மணி முதல் சனி இரவு 10.45 மணி வரை நம் நாட்காட்டிச் செயலி யாருக்கும் திறக்கவில்லை. விரதம் இருந்தவர்களால் ராகு காலம் பார்க்க முடியவில்லை. அர்ச்சனைக்குப் பணம் கட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனவர்களின் பெயர் அங்கே இல்லை. சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயிலில் விடியும்போதே வரிசை நின்றிருக்கிறது. பட்டியல் திறக்காததால் அலுவலகத்தில் இருந்த அம்மா ஒருவர், பழைய ரசீதுகளின் பின்பக்கத்தில் ஒவ்வொருவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டு எழுதிக் குருக்களிடம் கொடுத்திருக்கிறார். எங்கள் வேலையை அவர் செய்திருக்கிறார். அவரிடமும், உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் நீங்கள் கவனிக்க வேண்டியது: வெள்ளி அதிகாலை 2 மணிக்குப் பிறகு அன்னதானத் தொண்டுக்குப் பெயர் கொடுத்திருந்தால், தயவுசெய்து மறுபடியும் கொடுங்கள். அந்தப் பதிவுகள் போய்விட்டன, மீட்க வழியில்லை. பணம் கட்டிய அர்ச்சனைப் பதிவுகளை, உங்களுக்குப் போன குறுஞ்செய்திகளையும் கட்டண விவரங்களையும் ஒப்பிட்டு மீட்டுவிட்டோம். சனியன்று அர்ச்சனை நடக்காதவர்களுக்கு முழுப் பணமும் புதன்கிழமைக்குள் திரும்ப வரும். நீங்கள் கேட்க வேண்டியதில்லை. பணம் வேண்டாம், வேறொரு சனிக்கிழமை அர்ச்சனை செய்தால் போதும் என்பவர்கள் செயலியின் ‘உதவி’ பக்கத்தில் தேதியை மட்டும் எழுதுங்கள்.

லோட்ஷெடிங்கா என்று பலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. வெளியாட்கள் யாரும் உள்ளே நுழையவும் இல்லை. உங்கள் அட்டை எண்களை நாங்கள் சேமிப்பதே கிடையாது. தவறு முழுக்க எங்களுடையது.

எங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு பதிவுக் கோப்பில் எழுதும். நகல் சர்வர் அதைப் படித்து முடிக்கும்வரை அந்தக் கோப்பை அழிக்காது. ஆகஸ்டில் செலவைக் குறைக்க நகல் சர்வர் ஒன்றை நிறுத்தினோம். ஆனால் அது எதுவரை படித்திருக்கிறது என்று தரவுத்தளம் குறித்து வைத்திருக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை நீக்காமல் விட்டுவிட்டோம். இனி வரவே வராத அந்த நகலுக்காகக் கோப்புகள் சேர்ந்துகொண்டே போயின. புரட்டாசிப் பதிவுகள் குவிந்த வெள்ளி இரவில் டிஸ்க் நிரம்பியது, தரவுத்தளம் நின்றது. டிஸ்க் நிரம்பி வருகிறது என்ற எச்சரிக்கை திங்கட்கிழமையிலிருந்தே வந்திருக்கிறது. அது போய்ச் சேர்ந்ததோ வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் மின்னஞ்சலுக்கு.

அத்தோடு நின்றிருந்தால் டிஸ்க்கைப் பெரிதாக்கி ஒரு மணி நேரத்தில் எழுந்திருப்போம். பதற்றத்தில், இடம் பிடிக்க `pg_wal` அடைவில் இருந்த அந்தப் பதிவுக் கோப்புகளைக் கையால் அழித்தோம். அதைச் செய்யவே கூடாது. தரவுத்தளம் அதன்பின் எழவில்லை. வெள்ளி அதிகாலை 2 மணி பேக்கப்பிலிருந்துதான் எல்லாவற்றையும் கட்ட வேண்டியிருந்தது. அதை எடுத்து வைத்தோமே தவிர, முழுதாக மீட்டுப் பார்த்ததே இல்லை. புதிய சர்வரில் `ta_IN.UTF-8` மொழி அமைப்பு நிறுவப்படாததால் முதல் முயற்சி பாதியில் நின்றுபோனது; பகல் முழுவதும் அதிலேயே போயிற்று. பயிற்சி இருந்திருந்தால் உங்களுக்கு ஒரு நாள் போயிருக்காது.

பழைய ஸ்லாட்டை நீக்கிவிட்டோம். `max_slot_wal_keep_size` அமைப்புக்கு வரம்பு வைத்துவிட்டோம். இனி ஒரு நகலுக்காக டிஸ்க் முழுவதும் நிரம்பாது. எச்சரிக்கைகள் இப்போது எங்கள் மூன்று பேரின் தொலைபேசிக்கும் வருகின்றன. இரண்டாம் சனிக்கிழமைக்கு முன்பே, பதிவுக் கோப்புகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வேறிடத்தில் சேமிக்கப்படும். அப்போது எது நடந்தாலும் ஒரு நாள் பதிவுகள் மொத்தமாகத் தொலையாது. பேக்கப்பை மாதம் ஒருமுறை முழுதாக மீட்டுப் பார்ப்போம். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைச் செயலியிலேயே தெரிவிப்போம்.

எங்களை அதிகம் உறுத்துவது பஞ்சாங்கம்தான். ராகு காலம் அந்த ஊர்ச் சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் வைத்துக் கணக்கிடுவது. டர்பனுக்கான ஓராண்டுக் கணக்கு ஒரு புகைப்படம் அளவுகூட இருக்காது. அதற்குப் போய் ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்கும்படி வைத்திருந்தோம். சனியன்று சிலர் சென்னைக் காலண்டரில் பார்த்த திதி நேரத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் மூன்றரை மணி நேரம் கழித்தால்தான் நம் நேரம். தீபாவளிக்கு முன் வரும் பதிப்பில் பஞ்சாங்கம் முழுவதும் உங்கள் தொலைபேசியிலேயே இருக்கும். இணையமே இல்லாவிட்டாலும் திறக்கும்.

கோயில் நிர்வாகங்களுக்கு: வரும் வாரத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளி மாலை 6 மணிக்கும் மறுநாள் பெயர்ப் பட்டியல், நட்சத்திரத்தோடு, அச்சிடும் வடிவில் உங்களுக்கு வரும். தயவுசெய்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 6 மணிக்குப் பின் வரும் பதிவுகளைத் தொலைபேசியில் சொல்லிவிடுவோம்.

சந்தா கட்டுபவர்களிடம் இந்த மாதக் கட்டணமான 35 ரான்ட் எடுக்கப்படாது. ஏற்கெனவே எடுத்திருந்தால் அடுத்த மாதத்துக்கு வரவு வைக்கப்படும். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் ‘உதவி’ பக்கத்தில் எழுதுங்கள், ஞாயிறு உட்பட இந்த வாரம் முழுவதும் இரவு 9 மணி வரை எங்களில் ஒருவர் அங்கே இருப்போம்.

நாட்காட்டிச் செயலிக் குழு
டர்பன்